எட்டு மாட்டுக்கு எந்தக் கறவை இயந்திரம்?

"ஐயா, கோபி பக்கம் எங்கள் தோட்டம். கலப்பின மாடுகள் பதினொன்று, இப்போது கறவையில் எட்டு. காலையில் 45 லிட்டர், மாலையில் 35 லிட்டர் சொசைட்டிக்கு ஊற்றுகிறேன். வண்டி காலை 6.45க்கு வரும். கறவைக்கு வந்தவர் நின்றுவிட்டதால் நானும் மாமியாரும் கறக்கிறோம். எனக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. இயந்திரத்துக்கு மூன்று இடத்தில் விலை கேட்டேன். ஒற்றை வாளி 52,000, இரட்டை வாளி 78,000, இணையத்தில் பிஸ்டன் வகை ஒன்று 24,000. எதை வாங்கலாம்? இயந்திரத்தில் கறந்தால் மடிநோய் வரும் என்கிறார்கள், உண்மையா? எங்கள் மாடு ஒன்றுக்குப் போன மாதம்தான் மடிநோய் வந்து குணமானது."

அம்மா, ஒற்றை வாளி வாங்குங்கள். ஆனால் இரண்டு வாளியை இழுக்கக்கூடிய பம்ப் உள்ள ஒற்றை வாளியாக வாங்குங்கள். கடைக்காரரிடம் இப்படிக் கேட்டால் கொஞ்சம் விழிப்பார். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், இயந்திரத்தால் மடிநோய் வரும் என்ற பேச்சுக்கும் பதில் அதிலேயே இருக்கிறது.

முதலில் நேரக் கணக்கு. கறப்பதற்கு முன் மடியைத் துடைத்து, ஒவ்வொரு காம்பிலும் இரண்டு மூன்று பீச்சு பாலைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துப் பார்க்கிறீர்கள். கை பட்ட ஒரு நிமிடத்தில் மாடு பாலை இறக்கத் தொடங்கும். அப்போது கப்பை மாட்டினால், வேளைக்கு ஐந்தாறு லிட்டர் தரும் மாடு நான்கைந்து நிமிடத்தில் கறந்துவிடும். மாட்டுவது, கழற்றுவது, அடுத்த மாட்டுக்கு நகர்வது எல்லாம் சேர்த்து ஒரு மாட்டுக்கு ஏழு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மாட்டுக்கு 56 நிமிடம். 25 லிட்டர் வாளியை மூன்று மாட்டுக்கு ஒருமுறை கேனில் கவிழ்க்க வேண்டும். நான்கு மாட்டுப் பாலும் அதில் அடங்கும் என்று தோன்றும். ஆனால் நுரை மேலேறி வாக்குவம் குழாய்க்குள் போய்விடும். அதோடு மூன்று மாட்டுப் பாலுடன் வாளி 22 கிலோ அளவில் இருக்கும். உங்கள் மணிக்கட்டுக்கு அதுவே அதிகம், மாமியாரும் ஒரு கை பிடிக்கட்டும். கவிழ்க்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு மணி ஐந்து நிமிடம். 5.20க்குத் தொடங்கினால் 6.25க்கு முடிந்துவிடும். வண்டிக்கு இருபது நிமிடம் மிச்சம்.

இரட்டை வாளியில் இதே வேலை நாற்பது நிமிடத்தில் முடியும் என்று விற்பனையாளர் சொல்லியிருப்பார். பழகிய கைக்கு அது சரிதான். புதிதாகத் தொடங்குபவர் இரண்டு மாட்டுக்கு நடுவில் ஓடும்போது என்ன ஆகும் என்றால், ஒரு மாட்டுக்குத் துடைத்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு மாட்டில் பால் நின்றிருக்கும், கப் மட்டும் வெறும் காம்பை இழுத்துக்கொண்டிருக்கும். பால் ஓடும்வரை காம்பின் மேல் விழும் இழுவை தணிந்தே இருக்கும். பால் நின்றதும் இழுவை ஏறும், கப்பும் மெல்ல மேலே ஏறி மடியின் அடியைக் கவ்வும். இரண்டு நிமிடம் இப்படிப் போனால் காம்பின் நுனி தடிக்கத் தொடங்கும். இருபத்தைந்து நிமிடத்தை மிச்சப்படுத்த இந்த விலை வேண்டாம். அடுத்த ஆண்டு கறவை மாடு பன்னிரண்டு ஆனால், கையும் பழகியிருந்தால், இரண்டாவது வாளியையும் கப் தொகுதியையும் மட்டும் வாங்கி அதே பம்பில் சேர்த்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் பம்ப் பெரிதாக இருக்க வேண்டும் என்றேன்.

அது ஒரு காரணம். இன்னொன்று மடிநோய்.

இயந்திரத்தால் மடிநோய் வருகிறதா என்ற கேள்விக்கு வாக்குவம் எப்படி நிற்கிறது என்பதைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. மாடு காலை உதறுகிறது, ஒரு கப் நழுவுகிறது, 'புஸ்' என்று காற்று உள்ளே போகிறது. பம்புக்கு உபரித் திறன் இருந்தால் அந்தக் காற்றை உடனே வெளியேற்றிவிடும், மற்ற மூன்று கப்பிலும் ஒன்றும் தெரியாது. பம்ப் சிறியதாக இருந்தால் வாக்குவம் சட்டென்று விழும். அந்த நொடியில் நான்கு கப்பும் சேரும் கிண்ணத்திலிருந்து பால் துளிகள் பின்னோக்கிப் பாய்ந்து மற்றக் காம்புகளின் நுனியில் அடிக்கும். ஒரு காம்பில் கிருமி இருந்தால் அது மற்றக் காம்புகளுக்குப் போகும் வழி இதுதான். கறவை நேரத்தில் கப் அடிக்கடி கீச்சிட்டு நழுவும் தொழுவத்தில் மடிநோய் இருக்கும் என்று நான் உள்ளே போவதற்கு முன்பே ஊகித்துவிடுவேன். பெரும்பாலும் தவறியதில்லை.

ஆகவே வாங்கும் முன் இந்தச் சோதனையை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். நான்கு கப்பையும் அடைப்பானால் அடைத்து மோட்டாரை ஓட விட வேண்டும். மீட்டர் முள் 12½ அங்குலத்துக்குப் பக்கத்தில் ஆடாமல் நிற்க வேண்டும். மீட்டரில் கிலோபாஸ்கல் அளவு இருந்தால் அது 42. பிறகு ஒரு கப்பை மட்டும் திறந்து ஐந்து நொடி காற்றை உள்ளே விட்டு மறுபடி அடைக்கச் சொல்லுங்கள். முள் கொஞ்சம் இறங்குவது இயல்பு. அடைத்த இரண்டு மூன்று நொடிக்குள் பழைய இடத்துக்கு வந்துவிட வேண்டும். பாதிக்கு விழுந்து, மெல்ல மெல்ல ஏறிவந்தால் அந்தப் பம்ப் உங்களுக்கு வேண்டாம், மோட்டாரில் எத்தனை குதிரைத்திறன் எழுதியிருந்தாலும் சரி. காகிதத்தில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: வேலை செய்யும் வாக்குவத்தில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்றை இழுக்கும்? திறந்த வெளியில் எவ்வளவு என்று சொல்லும் எண் ஏறத்தாழ இரண்டு மடங்கு பெரிதாக இருக்கும். விளம்பரத் தாளில் அச்சாவது பல நேரம் அதுதான். ஒற்றை வாளிக்கு நிமிடத்துக்கு 150 முதல் 200 லிட்டர் போதும். இரண்டுக்கு 250க்கு மேல் இருக்கட்டும்.

கப்புக்குள் கட்டை விரலையும் விட்டுப் பாருங்கள். ரப்பர் விரலை அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டு வர வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து எண்ணினால் நிமிடத்துக்கு 60 வரும். ஓரிரண்டு கூடக் குறைய இருக்கலாம். அந்த 'அழுத்தும்' நேரத்தில்தான் காம்பில் இறங்கிய இரத்தம் திரும்பிப் போகிறது. கன்றின் நாக்கு செய்யும் வேலை அது. நீங்கள் விலை கேட்ட 24,000 ரூபாய்ப் பிஸ்டன் வகையில் பல மாதிரிகளில் இதற்கென்று தனிப் பல்சேட்டரே கிடையாது. பிஸ்டன் போய்வரும் துடிப்பையே இழுப்பாகவும் ஓய்வாகவும் கணக்கில் வைக்கிறார்கள். வாக்குவம் ஒவ்வொரு அடிக்கும் ஏறி இறங்கும், உபரி என்று ஒன்றும் இருக்காது. ஒரு மாடு வைத்திருப்பவர் ஆபத்துக்குப் பயன்படுத்தலாம் என்றுகூட நான் சொல்லமாட்டேன். அதை விட்டுவிடுங்கள்.

இனி லைனர். எஃகுக் கூட்டுக்குள் இருக்கும் அந்த ரப்பர் உறைதான் மாட்டைத் தொடும் ஒரே பகுதி. இயந்திரம் வாங்கப் போகிறவர்கள் மோட்டாரைத் தட்டிப் பார்க்கிறார்கள், வாளியின் பளபளப்பைப் பார்க்கிறார்கள், லைனரைப் பற்றிக் கேட்பவரை நான் அதிகம் பார்த்ததில்லை. ரப்பர் லைனரின் ஆயுள் 2,500 கறவை, அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது. உங்களுக்கு எட்டு மாடு, இரண்டு வேளை, ஆக ஒரு நாளில் 16 கறவையும் இந்த ஒரே தொகுதியில் நடக்கும். 2,500ஐ 16ஆல் வகுத்தால் 156 நாள். அதாவது ஐந்து மாதத்துக்கு ஒருமுறை நான்கு லைனரையும் ஒன்றாக மாற்ற வேண்டும். கிழிந்ததை மட்டும் மாற்றினால் புதியதும் பழையதும் வெவ்வேறு வேகத்தில் இழுக்கும், மாடு சமமாகக் கறக்காது. மாற்றிய தேதியைத் தொழுவச் சுவரிலேயே சாயத்தால் எழுதி வையுங்கள். சிலிகான் லைனர் இதைவிட நீண்ட நாள் வரும், விலையும் கூடுதல், கூரான எதிலாவது பட்டால் கிழிந்துவிடும்.

தேதி வருவதற்கு முன்பே லைனர் போய்விட்டதா என்பதைக் காம்பைப் பார்த்தே சொல்லலாம். கப்பைக் கழற்றியதும் காம்பின் அடியில் வளையம் போட்டதுபோல் தடம், நுனி நீலம் பாய்ந்திருப்பது, காம்பு தட்டையாகப் பிதுங்கி வருவது, இதுவரை அமைதியாக நின்ற மாடு கடைசி ஒரு நிமிடத்தில் காலை மாற்றி மாற்றி வைப்பது. லைனரைக் கழற்றி உள்ளே விரலால் தடவுங்கள். புதிது கண்ணாடிபோல் வழுக்கும், பழையது சொரசொரக்கும். பால் கொழுப்பு ஊறி உப்பியும் இருக்கும். அந்தச் சொரசொரப்பில் எந்தக் கழுவலும் எடுபடாது.

விற்பனையாளரிடம் லைனர் எத்தனை நாள் வரும் என்று கேளுங்கள். "இரண்டு வருஷம் பார்க்க வேண்டியதில்லை" என்றால் அவருக்கு மாடு தெரியாது, இயந்திரமும் தெரியாது.

கழுவுவதைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் எந்த இயந்திரத்தை வாங்குவது என்பதில் பாதி முடிவு இதில் இருக்கிறது. கறந்து முடித்த உடனே, கேனை வண்டிக்குக் கொடுத்துவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், வெதுவெதுப்பான நீரை வாளியில் இழுக்க விடுங்கள். கை தாங்கும் சூடு, 35 முதல் 40 டிகிரி. முதல் நீரே கொதிநீராக இருந்தால் பாலின் புரதம் வெந்து ரப்பரில் ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீராக இருந்தால் கொழுப்பு உறைந்துவிடும். அடுத்தது பால் பாத்திரங்களுக்கான காரத் தூள் கலந்த 70 டிகிரி சூட்டு நீர். பாத்திரம் விளக்கும் சோப்பு நுரைக்கும், வாக்குவம் குழாய்க்குள் ஏறும், அது வேண்டாம். காரநீரை இழுக்கும்போது கப் தொகுதியை நீருக்குள்ளும் வெளியிலுமாகத் தூக்கித் தூக்கி முக்குங்கள். இடையில் புகும் காற்று நீரை அடித்துத் துரத்தும், அந்த அடிதான் அழுக்கை எடுக்கும். பிறகு நல்ல நீரில் அலசி, கப்புகளின் வாய் கீழே பார்க்கும்படி ஆணியில் தொங்க விடுங்கள். வாளியை மூடாமல் கவிழ்த்து வையுங்கள்.

உங்கள் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் கடினமானது. இந்தத் தண்ணீரில் சில வாரங்களிலேயே வாளிக்குள்ளும் கிண்ணத்துக்குள்ளும் மஞ்சளாக ஒரு படிவு கட்டும். நகத்தால் சுரண்டினால் மாவுபோல் வரும். பால்கல் என்பது அதுதான். காரத்துக்கு அது அசையாது. வாரம் ஒருமுறையாவது காரத்துக்குப் பதில் அமிலக் கழுவு மருந்து போட வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அமிலத்தையும் குளோரின் மருந்தையும் ஒரே நீரில் கலக்கக் கூடாது, நச்சு வாயு கிளம்பும். காலையில் கறப்பதற்குச் சற்று முன்பு, பத்து லிட்டர் நீருக்கு 40 மில்லி என்று ஐந்து சதவீத ஹைப்போகுளோரைட் கலந்து ஒருமுறை இழுத்து வடித்துவிடுங்கள். அளவு கூடினால் ரப்பர் சீக்கிரம் வெடிக்கும்.

இத்தனையும் நாளுக்கு இரண்டு முறை, மணிக்கட்டு வலியோடு நீங்கள்தான் செய்யப்போகிறீர்கள். அதனால் கடையில் நிற்கும்போது இயந்திரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லாமல், நீங்களே கழற்றிப் பாருங்கள். நான்கு குழாயும் சேரும் கிண்ணம் ஸ்பேனர் இல்லாமல் திறக்கிறதா? அதன் கீழ்ப்பாதி ஒளி ஊடுருவுமா? அப்படி இருந்தால் பால் நின்றதும் கண்ணுக்குத் தெரியும். அதில் ஊசி முனை அளவுக்கு ஒரு காற்றுத் துளை இருக்கும், அது அடைபட்டால் பால் கிண்ணத்தில் தேங்கும். துளை எங்கே என்று விற்பவர் காட்ட வேண்டும். வாளியின் வாய்க்குள் உங்கள் முழங்கை வரை போகிறதா? வாளி 304 தர எஃகாக இருக்கட்டும். அலுமினியத்தைக் காரம் அரித்துவிடும். பம்புக்கும் வாளிக்கும் நடுவில் ஒரு தடுப்புக் கலன் இருக்க வேண்டும். பால் பொங்கி மேலே போனால் பம்புக்குள் போகாமல் பிடிப்பதும், எண்ணெய்ப் பம்பாக இருந்தால் எண்ணெய் பாலுக்கு வராமல் தடுப்பதும் அதுதான். அது இல்லாத இயந்திரத்தில் ஒருமுறை பால் ஏறினால், அடுத்த நாள் காலையிலிருந்து புளித்த வாடை எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டே இருப்பீர்கள். சொசைட்டியில் பால் திரிந்ததாகத் திருப்பி அனுப்பும்போது மாட்டைத்தான் சந்தேகிப்பீர்கள்.

எண்ணெய்ப் பம்பா, எண்ணெய் இல்லாத பம்பா என்பதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. முன்னதில் எண்ணெய் ஊற்ற மறந்தால் போய்விடும், பின்னதில் கார்பன் தகடுகள் தேயும், மாற்ற வேண்டும்.

விற்பனைக்குப் பிந்தைய சேவை என்பதை எல்லோரும் நட்பாகவே பேசி முடித்துவிடுகிறார்கள். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஆறு மாடு வைத்திருந்த ஒருவரின் தொழுவத்துக்கு, ஒரே மாதத்தில் மூன்றாவது மடிநோய்க்காக என்னைக் கூப்பிட்டார்கள். மருந்து கொடுத்துவிட்டு இயந்திரத்தைப் பார்த்தேன். மீட்டர் 12 அங்குலம் காட்டியது, ஒரு குறையும் இல்லை. மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார்கள். முள் 12இலேயே நின்றது. என் கையிலிருந்த மீட்டரை வைத்துப் பார்த்தால் உண்மையில் 17 அங்குலம். வாக்குவத்தை ஓர் அளவில் நிறுத்தும் ரெகுலேட்டர் வால்வில் தவிட்டுத் தூசியும் ஒட்டடையும் அடைத்துக் காற்றே போகவில்லை. ஒரு பழைய பல் துலக்கியால் பத்து நிமிடத்தில் முடிந்த வேலை. விற்ற நிறுவனத்துக்கு மூன்று வாரமாக ஃபோன் செய்திருக்கிறார்கள். "ஆள் வருவார்" என்ற பதிலைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. மூன்று மாட்டில் இரண்டுக்கு ஒவ்வொரு காம்பு நிரந்தரமாகப் போனது. ஆகவே, தினமும் மோட்டாரை நிறுத்தியதும் முள் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். மாதம் ஒருமுறை ரெகுலேட்டரின் வடிகட்டியைத் தட்டித் துடையுங்கள்.

சேவையைச் சோதிக்க நான் சொல்லும் வழி கொஞ்சம் முரட்டுத்தனமானது. இரண்டு நிறுவனங்களிடமும் சர்வீஸ் எண்ணை வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கூப்பிடுங்கள். மாடு ஞாயிற்றுக்கிழமையும் கறக்கும். எடுத்துப் பேசுபவரிடம், பல்சேட்டர் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று கேளுங்கள். "உடனே கப்பைக் கழற்றுங்கள், அழுத்தி விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் காம்பு போய்விடும்" என்ற பதில் வந்தால் அவர் வேலை தெரிந்தவர். அடுத்து, அவர்களிடம் மூன்று ஆண்டுக்கு முன் வாங்கிய இருவரின் முகவரியைக் கேளுங்கள். போன மாதம் வாங்கியவர் எல்லாவற்றையும் புகழ்வார். மூன்று ஆண்டு கடந்தவரிடம் கடைசியாக லைனர் எங்கே வாங்கினீர்கள், எத்தனை நாளில் வந்தது என்று மட்டும் கேட்டால் போதும்.

விலைப்பட்டியலில் இயந்திரத்தோடு லைனர், பல்சேட்டரின் உள் ரப்பர், பம்ப் தகடு, பெல்ட் ஆகியவற்றின் விலையையும் எழுதித் தரச் சொல்லுங்கள். உத்தரவாதம் பெரும்பாலும் மோட்டாருக்கும் பம்புக்கும்தான். ரப்பர் எதற்கும் இருக்காது. ஈரோட்டிலோ கோபியிலோ கையிருப்பு வைத்திருக்கும் நிறுவனம் நான்காயிரம் கூடுதலாகக் கேட்டாலும் அதையே எடுங்கள். வேறு நிறுவனத்து லைனரைக் கூட்டுக்குள் திணித்தால் அது முறுக்கிக்கொண்டு நிற்கும், சரியாக மூடாது. கடையில் "எல்லாம் ஒன்றுதான்" என்று விற்பார்கள். வாங்கும் அன்றே ஒரு செட் லைனரும் ஒரு மாற்றுப் பல்சேட்டரும் சேர்த்து வாங்கி வீட்டில் வையுங்கள். லைனரை வெயில் படாமல், எண்ணெய் படாமல் வைத்தால் கெடாது.

மின்சாரம் போனால் கப்பைக் கையால் பிடித்துக்கொண்டு வாக்குவத்தை அடைத்துக் கழற்றுங்கள், தானாகச் சாணியில் விழ விடாதீர்கள். அடிக்கடி போகும் ஊர் என்றால் பெட்ரோல் எஞ்சினும் சேர்க்கக்கூடிய மாதிரியைக் கேளுங்கள். ஒரு குதிரைத்திறன் மோட்டார் புறப்படும்போது பல மடங்கு மின்சாரம் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டர் அதைத் தாங்காது.

இயந்திரம் வந்த முதல் நான்கைந்து நாள் கப்பை மாட்டாமல், தீவனம் வைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓட விடுங்கள். சத்தம் பழகட்டும். பிறகு சாதுவான மாட்டில் தொடங்குங்கள். கப்பை எடுத்த பிறகு கையால் கறந்தால் கால் லிட்டருக்குள் வர வேண்டும். அரை லிட்டருக்கு மேல் வந்தால் கப்பைச் சீக்கிரம் எடுக்கிறீர்கள், அல்லது துடைத்துவிட்டு அதிக நேரம் காத்திருக்கிறீர்கள். கறந்ததும் காம்புகளை அயோடின் கரைசலில் முக்கி, தீவனம் வைத்து அரை மணி நேரமாவது நிற்க வையுங்கள். காம்புத் துளை மூடுவதற்குள் மாடு படுத்தால் சாணிக் கிருமி உள்ளே போகும்.

குணமான அந்த மாட்டை வரிசையில் கடைசியாகக் கறங்கள். மற்ற ஏழும் முடிந்த பிறகு அதற்குக் கப் போட்டால், அதன் பால் பட்ட லைனர் நேராகக் கழுவுநீருக்குப் போய்விடும். பத்து நாளுக்கு ஒருமுறை நான்கு காம்புப் பாலையும் தனித்தனியாகக் குழித் தட்டில் எடுத்து மடிநோய்ச் சோதனை மருந்து விட்டுச் சுழற்றிப் பாருங்கள். எந்தக் குழியிலாவது பால் கூழ்போல் இழுத்தால் அன்றே அந்த மாட்டை இயந்திரத்திலிருந்து நிறுத்தி, மாமியாரிடம் கையால் கறக்கக் கொடுத்துவிட்டு, மருத்துவரைக் கூப்பிடுங்கள்.